பத்திரத்தில் ஒரு பெயர், பணத்தில் இரண்டு கை

குடும்ப நல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுல பாதி எனக்கு வரும்ல சார்?" கேட்பவர் பெரும்பாலும் மனைவி. சில சமயம் கணவனும் கேட்பார், வீட்டை மனைவி பெயரில் வாங்கியிருந்தால். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான்: கல்யாணம் ஆனதால் மட்டும் பாதி வராது.

பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். விவாகரத்து என்றால் சொத்தை இரண்டாகப் பிரிப்பார்கள் என்று சினிமாவிலும் வெளிநாட்டுச் செய்திகளிலும் பார்த்துப் பழகிவிட்டோம். இந்திய மாநிலங்களில் கோவா ஒன்றில்தான் அதற்கு நெருக்கமான ஏற்பாடு இருக்கிறது. போர்த்துகீசியர் ஆட்சிக் காலத்துச் சிவில் சட்டம் அங்கே இன்னும் நடைமுறையில் உள்ளது. திருமணத்துக்கு முன் வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொதுவாகிவிடும். தமிழ்நாடு உள்பட மற்ற மாநிலங்களில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. திருமணம் அந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

மாற்ற ஒரு முயற்சி நடந்தது. விவாகரத்தின்போது கணவனின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கும் திருமணச் சட்டத் திருத்த மசோதாவை 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2014-இல் அந்த அவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது.

அப்படியானால் பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது ஒரே உரிமையாக இல்லாமல் மூன்று தனித்தனி உரிமைகளாக இருக்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அந்த வீட்டில் யார் குடியிருக்கலாம் என்பது இன்னொன்று. பிரிந்த பிறகு வாழ்வதற்கு யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சட்டம் வேறு, காட்ட வேண்டிய ஆதாரமும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பல வழக்குகள் ஆரம்பத்திலேயே தடுமாறுகின்றன.

யாருடைய பணம்?

முதலில் சொந்தம் பற்றிய கேள்வி. கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கே பினாமி தடைச் சட்டம் குறுக்கே வரும். ஒருவர் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் வாங்கினால் அது பினாமி. பணம் போட்டவர் பிறகு "இது என்னுடையது" என்று வழக்குப் போட முடியாது. 1988-இல் வந்த இந்தச் சட்டத்தை 2016-இல் பெரிய அளவில் திருத்தினார்கள். கணவன் அல்லது மனைவி, அல்லது பிள்ளைகள் பெயரில், கணக்குக் காட்டக்கூடிய வருமானத்திலிருந்து வாங்கிய சொத்து பினாமி ஆகாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே துணையின் பெயரில் வீடு வாங்கியவருக்கு வழக்குப் போடும் வாசல் அடைபடவில்லை. வழக்கு நிற்குமா என்பது அடுத்த விஷயம்.

மனைவி பெயரில் வாங்கிய கணவன் பொதுவாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "பணம் பூரா நான் போட்டது" என்று வங்கிக் கணக்கைக் காட்டுவார். அது பாதி வேலைதான். பணம் அவருடையதாகவே இருக்கட்டும், என்ன எண்ணத்தில் போட்டார்? மனைவிக்கே சேரட்டும் என்று அன்பளிப்பாகப் போட்டாரா, அல்லது வசதிக்காகப் பெயரை மட்டும் போட்டாரா? 2016-க்கு முந்தைய சட்டத்தில் மனைவி பெயரில் வாங்கினால் அது அவர் நலனுக்காகவே வாங்கியது என்ற அனுமானம் இருந்தது. எதிர்மாறாக நிரூபிக்க வேண்டியது கணவனின் பொறுப்பு. பத்திரத்தின் தேதி பழையதாக இருந்தால் அந்தக் கேள்வியும் சேர்ந்து எழும்.

உயர் நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கணவன் பணம் கொடுத்தான் என்பதால் மட்டும் மனைவி பெயரிலுள்ள சொத்து பினாமி ஆகிவிடாது என்று 2023-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. தனி வருமானம் இல்லாத இல்லத்தரசி பெயரில் கணவன் வாங்கியதைக் குடும்பச் சொத்தாகக் கருதலாம் என்று 2024-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு செய்தித் தலைப்பைப் படித்துவிட்டுத் தன் வழக்கும் அப்படியே முடியும் என்று நினைப்பது ஆபத்து.

எண்ணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உச்ச நீதிமன்றம் 1974-இலேயே இதற்குச் சில அளவுகோல்களை வகுத்தது. பணம் எங்கிருந்து வந்தது, வாங்கிய பிறகு சொத்து யார் அனுபவத்தில் இருந்தது, இன்னொருவர் பெயரில் வாங்கக் காரணம் என்ன, இருவருக்கும் என்ன உறவு, அசல் பத்திரம் யார் கையில் இருந்தது, பிறகு இருவரும் எப்படி நடந்துகொண்டார்கள். இன்றும் நீதிமன்றங்கள் இவற்றைத்தான் பார்க்கின்றன. இவற்றில் பணம் வந்த வழி முதன்மையானது, ஆனால் அது ஒன்றே முடிவு செய்துவிடாது. வாடகை யார் கணக்குக்குப் போனது, சொத்து வரி யார் கட்டினார், வருமான வரித் தாக்கலில் வீட்டை யார் காட்டினார் என்பதெல்லாம் "நடந்துகொண்ட விதம்" என்ற தலைப்பில் சாட்சியாக வரும்.

கணவன் பெயரில் உள்ள வீட்டுக்கு மனைவி பணம் போட்டிருந்தாலும் இதே அளவுகோல்கள்தான். நம் வீடுகளில் மனைவியின் பணம் ரசீதோடு போவது அரிது. நகையை அடகுக் கடையில் வைத்தோ விற்றோ பணத்தைக் கணவன் கையில் கொடுப்பார். சம்பளத்தை வீட்டுச் செலவுக்குப் போட்டு, அதனால் மிச்சமாகும் கணவனின் சம்பளம் தவணைக்குப் போகும். பத்து வருடம் கழித்து வங்கிக் கணக்கை எடுத்தால் தவணை முழுவதும் கணவன் கணக்கிலிருந்து போனதாகவே தெரியும். மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மனைவி செலவழித்தது வீட்டின் விலையில் எங்கும் பதிவாகியிருக்காது.

இரண்டு பேர் பெயரிலும் பத்திரம் இருந்தால் நிலைமை வேறு. சொத்து மாற்றச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, தனித்தனிப் பணத்தில் சேர்ந்து வாங்கியவர்களுக்கு அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்றால் சமபங்கு என்று கொள்ளப்படும். ஆதாரமில்லாத நிலை, பெயர் உள்ளவருக்குச் சாதகம். பெயர் இல்லாதவருக்குப் பாதகம். வாங்கும்போது இரண்டு பெயரையும் போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வீட்டு வேலைக்கு விலை உண்டா?

சம்பளமே வாங்காத மனைவியின் உழைப்பு வீட்டின் விலையில் சேருமா? சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பு இந்தக் கேள்விக்கு ஆம் என்றது.

அந்த வழக்கில் கணவர் 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். அனுப்பிய பணத்தில் மனைவி இங்கே சொத்து வாங்கினார், பிள்ளைகளை வளர்த்தார், தையல் வேலையும் செய்தார். ஊர் திரும்பிய கணவர், பணம் என்னுடையது, மனைவி வெறும் பொறுப்பாளர் என்று வழக்குத் தொடுத்தார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் தாய்க்கு எதிராக அதைத் தொடர்ந்தார்கள். கணவன் சம்பாதித்தான், மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அவனால் வெளிநாடு போய்ச் சம்பாதித்திருக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வீட்டு வேலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ போட்ட பங்களிப்பாக ஏற்கும் சட்டம் இல்லை என்பது உண்மை, ஆனால் நீதிபதிகள் அதை ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார் நீதிபதி. இருவரும் சேர்ந்து உழைத்துச் சேர்த்ததாகக் கருதிய சொத்துகளில் மனைவிக்குச் சமபங்கு கிடைத்தது.

தீர்ப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்துரிமை பற்றிய சிவில் வழக்கு. ஒற்றை நீதிபதி இரண்டாம் மேல்முறையீட்டில் சொன்னது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் இதைக் காட்டி வாதாடலாம். மற்ற மாநில உயர் நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சொத்தை வாங்கியதிலும் நிர்வகித்ததிலும் மனைவியின் கை நேரடியாக இருந்தது. திருமணத்துக்கு முன்பே கணவன் வாங்கிய வீட்டுக்கோ, மாமனார் சொத்துக்கோ இதை அப்படியே நீட்ட முடியாது.

குடியிருக்கும் உரிமை

சொந்தம் யாருக்கு என்று முடிவாக வருடக்கணக்கில் ஆகும். அதுவரை எங்கே இருப்பது? இதற்குத்தான் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க மனைவிக்கு அது உரிமை தருகிறது. பத்திரத்தில் பெயர் இருக்கிறதா என்பதே கேள்வி இல்லை. எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணுக்கும் இது பொருந்தும்.

வன்முறைக்கு ஆளான பெண் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டால், அவரை வெளியேற்றக் கூடாது என்றும், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றும் உத்தரவிடலாம். அந்த வீட்டில் சேர்ந்திருப்பது சரிப்படாது என்றால் அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ கணவனுக்கு உத்தரவிடலாம். ஏற்கெனவே குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் இதே நிவாரணத்தை அங்கேயும் கேட்கலாம்.

"வீடு என் பெயரில் இல்லை, என் அப்பா பெயரில் இருக்கிறது" என்று தப்பிக்கும் வழி ஒன்று நீண்ட நாள் இருந்தது. 2006-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு அதற்கு இடம் கொடுத்திருந்தது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த வழியை அடைத்தது. மாமனார், மாமியார் பெயரிலுள்ள வீட்டிலும் மருமகள் நிலையாக வாழ்ந்திருந்தால் அது அவர் பகிர்ந்து வாழ்ந்த வீடுதான் என்றது. அதே சமயம் வயதான பெற்றோரின் நிம்மதியையும் எடைபோட்டே உத்தரவிட வேண்டும் என்றும் சொன்னது. எனவே இந்த உரிமை முழுமையானது அல்ல. மாற்று வீடு ஏற்பாடாகி முடியும் வழக்குகளும் உண்டு.

இந்த உரிமை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அது வீட்டைச் சொந்தமாக்காது. குடியிருப்பு உத்தரவை வாங்கிவிட்டோம் என்று சொத்துரிமை வழக்கைப் போடாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. உரிமையை மறுத்த நாளிலிருந்து பொதுவாக மூன்று வருடத்துக்குள் உரிமை விளம்பல் வழக்குப் போட வேண்டும். "வீடு என்னுடையது, உனக்கு ஒன்றும் இல்லை" என்று கணவனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால், கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

கணவனுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மனைவி பெயரிலுள்ள வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் கணவன், பணம் போட்டதை நிரூபித்து உரிமை கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ், தனி வருமானம் இல்லாத பட்சத்தில் மனைவியிடம் ஜீவனாம்சமும் கேட்கலாம். அதற்கு மேல் குடியிருப்பு உரிமை என்று தனியாக ஒன்றும் கிடையாது.

ஒரு வீட்டின் கணக்கு

இதையெல்லாம் ஒரு கற்பனைக் குடும்பத்தில் போட்டுப் பார்ப்போம். மீனா, சுரேஷ் என்று வைத்துக்கொள்வோம். 2014-இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் 48 லட்ச ரூபாய்க்கு ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். பத்திரம் சுரேஷ் பெயரில் மட்டும். முன்பணம் 12 லட்சம். அதில் 5 லட்சம் மீனாவின் நகையை விற்று வந்தது. மீதி 36 லட்சம் வங்கிக் கடன், 20 வருடம். வட்டி 9.5 சதவீதத்திலேயே நின்றதாகக் கொண்டால் மாதத் தவணை சுமார் 33,550 ரூபாய். சுரேஷின் சம்பளம் போதாது என்று வங்கி சொன்னதால் மீனாவும் கடனில் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டார். தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் நான்கு வருடம் மாதம் 15,000 ரூபாய் சுரேஷ் கணக்குக்கு அனுப்பினார். அது 7.2 லட்சம் ஆகிறது. மகள் பிறந்ததும் வேலையை விட்டார். பத்து வருடம் கழித்துப் பிரிவு. வீட்டின் இன்றைய மதிப்பு 80 லட்சம்.

முதலில் கடன் பாக்கியைப் பார்ப்போம். பத்து வருடத்தில் கட்டிய தவணை சுமார் 40 லட்சம். ஆனால் ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதால் அசலில் குறைந்தது சுமார் 10 லட்சம்தான். இன்னும் 26 லட்சம் பாக்கி. எனவே சண்டை 80 லட்சத்துக்கு அல்ல, 54 லட்சத்துக்கு. பேச்சுவார்த்தைக்கு வரும் பல தம்பதிகள் இதைக் கவனிக்காமல் வீட்டின் விலையையே பாதியாகப் பிரித்துக் கேட்பார்கள். எதிர்த்தரப்பு அங்கேயே எழுந்து போய்விடும்.

இனி மீனாவின் பங்கு. சமரச அறையில் கேள்வி இப்படித்தான் வரும்.

"நகை வித்த ரசீது இருக்காம்மா?"

"கடைக்காரர் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாரு. பணத்தை இவர் கையிலதான் கொடுத்தேன்."

"அதை இவர் பேங்க்ல கட்டினாரா?"

கேள்வியின் நோக்கம் தேதி. நகை விற்ற தேதிக்கு அடுத்த ஓரிரு நாளில் சுரேஷ் கணக்கில் 5 லட்சம் ரொக்கமாக விழுந்து, அதே வாரம் பில்டருக்குப் போயிருந்தால், ரசீது இல்லாவிட்டாலும் கதை பொருந்தும். ஆறு மாத இடைவெளி இருந்தால் பொருந்தாது. மாதம் 15,000 ரூபாய் அனுப்பியது வங்கி வழியாக என்பதால் அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தவணைக்கா, வீட்டுச் செலவுக்கா என்று சுரேஷ் தரப்பு கேட்கும். தவணை பிடிக்கும் கணக்குக்கே, தவணைத் தேதிக்கு முந்தைய நாட்களில் பணம் வந்திருந்தால் மீனாவின் சொல் எடுபடும்.

இரண்டும் நிரூபணமானதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காக மொத்தம் போட்ட பணம் முன்பணம் 12 லட்சமும் தவணை 40 லட்சமும் சேர்ந்து சுமார் 52 லட்சம். அதில் மீனாவுடையது 12.2 லட்சம், அதாவது 23 சதவீதம். 54 லட்சத்தில் 23 சதவீதம் சுமார் 12.4 லட்சம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் வழியில், மகளை வளர்த்த ஆறு வருடத்தையும் பங்களிப்பாகச் சேர்த்துச் சமபங்கு கேட்டால் 27 லட்சம். சட்டத்தில் இந்தக் கணக்குக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் 12.4-க்கும் 27-க்கும் நடுவில்தான் பேச்சுவார்த்தை நிற்கும் என்று இரண்டு தரப்பு வக்கீலுக்கும் தெரியும். ஆதாரம் பலவீனமானால் கீழ் எல்லை பூஜ்யம் வரைக்கும் இறங்கும் என்பதும் தெரியும்.

மீனாவுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடனில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பத்திரத்தில் பெயர் இல்லை. இணை விண்ணப்பதாரர் இணை உரிமையாளர் அல்ல. வீடு அவருடையது இல்லை, ஆனால் 26 லட்சக் கடன் முழுவதற்கும் வங்கி அவரையும் பிடிக்கும். சுரேஷ் கோபத்தில் தவணையை நிறுத்தினால் இருவரின் கடன் மதிப்பெண்ணும் சரியும். 90 நாள் தவணை நிலுவையானால் அது வாராக் கடன். அடுத்து வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தும் வழியில் இறங்கலாம். மாஜிஸ்திரேட் தந்த குடியிருப்பு உத்தரவு கணவனைத்தான் கட்டுப்படுத்தும். முன்பே அடமானம் பிடித்த வங்கியை அதைக் காட்டி நிறுத்துவது கடினம். எனவே மீனாவின் மனுவில் குடியிருப்பு உரிமையோடு, தவணையைச் சுரேஷ் தொடர்ந்து கட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் ஆரம்பத்திலேயே இடம்பெற வேண்டும்.

அவர் உடனே செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்து, வீடு ஏற்கெனவே சுரேஷின் அண்ணன் பெயருக்கோ அப்பா பெயருக்கோ மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிரிவின் ஆரம்ப மாதங்களில் இது நடப்பது அபூர்வமல்ல. பத்து வருட வங்கிக் கணக்கு விவரத்தைத் தாமதிக்காமல் எழுதிக் கேட்க வேண்டும். பழைய விவரத்தை வங்கிகள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. பிறகு சொத்தின் மேல் உரிமை கேட்டு, விற்பனைக்குத் தடையும் கேட்டு வழக்குப் போட வேண்டும். கணவன் மனைவிக்கிடையிலான சொத்து வழக்கைக் குடும்ப நல நீதிமன்றமே விசாரிக்கலாம். அந்த வீட்டைப் பற்றிய வழக்கு நிலுவையில் இருக்கும்போது யாராவது அதை வாங்கினால் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும்.

மூன்றாவது உரிமையான ஜீவனாம்சத்தில் வீடு வேறு வழியாக உள்ளே வரும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். வீட்டைச் சுரேஷ் மறைக்க முடியாது. மீனாவால் நகை விற்றதை நிரூபிக்க முடியாமல் போனாலும், 54 லட்ச மதிப்புள்ள வீடு சுரேஷிடம் நிற்கிறது என்பது நிரந்தர ஜீவனாம்சத் தொகையை உயர்த்தும். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அந்தத் தொகைக்கு வீட்டையே பொறுப்பாக்கவும் இடம் தருகிறது. சொந்தம் கேட்டுத் தோற்றவர் ஜீவனாம்சத்தில் கணிசமாகப் பெறுவதுண்டு.

எழுதிக்கொள்ளும்போது

இத்தனைக்கும் பிறகு மீனாவும் சுரேஷும் பரஸ்பரச் சம்மத விவாகரத்துக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுரேஷ் வீட்டை மீனாவுக்கும் மகளுக்கும் விட்டுக்கொடுக்கிறார், மீனா ஜீவனாம்சம் கேட்கவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. கோளாறு எழுத்தில் வரும்.

ஒப்பந்தத்தில் "வீடு மனைவிக்கு" என்று ஒரு வரி இருந்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிடும். பத்திரம் மட்டும் சுரேஷ் பெயரிலேயே இருக்கும். வில்லங்கச் சான்றில் மீனா எங்கும் தெரிய மாட்டார். ஐந்து வருடம் கழித்து விற்கப் போனால், மறுமணம் செய்துகொண்ட சுரேஷின் கையெழுத்து வேண்டும். அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளின் கையெழுத்து வேண்டும்.

பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்திருந்தால் ஒருவர் மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதலாம். இங்கே மீனாவின் பெயரே இல்லாததால் சுரேஷ் தானசெட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023-இல் நிர்ணயித்தார்கள். இந்தச் சலுகைக்கு இருவரும் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். விவாகரத்து ஆன பிறகு எழுதினால் இருவரும் சட்டத்தின் பார்வையில் வேற்றாள். தீர்வை பல மடங்கு ஏறலாம். எனவே முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடைப்பட்ட காலத்தில் பத்திரத்தைப் பதிந்துவிட வேண்டும். அனுபவமுள்ள வக்கீல்கள் பதிவான பத்திரத்தின் எண்ணை இறுதி மனுவிலேயே குறிப்பிடுவார்கள்.

அதற்கு முன் வங்கி. அடமானத்தில் உள்ள வீட்டை மாற்ற வங்கியின் சம்மதம் வேண்டும், அசல் பத்திரம் அவர்களிடம்தான் இருக்கும். கடனை மீனா ஏற்பதாக இருவரும் எழுதிக்கொண்டாலும், சுரேஷை விடுவிப்பது வங்கியின் முடிவு. மீனாவின் வருமானம் போதாது என்று வங்கி மறுத்தால், வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது, மீனாவின் அப்பாவை இணைப்பது, அல்லது வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது என்று மூன்று வழிகள்தான். எதுவும் முடியவில்லை என்றால், சுரேஷ் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். "வீட்டுக் கடனை அவர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரு வரியோடு கையெழுத்துப் போட்டால், நீதிமன்றத்தைத் திரும்ப நாட வேண்டியிருக்கும்.

இப்போது வீடு வாங்கப் போகிறவர்கள் இந்தச் சண்டையில் பாதியை முன்கூட்டியே தவிர்க்கலாம். முடிந்தால் இரண்டு பெயரிலும் பத்திரம். பங்கு சமமில்லை என்றால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம். ஒரு பெயரில்தான் வாங்கப் போகிறோம், பெண் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்றோ, கடன் எளிதாகக் கிடைக்கும் என்றோ காரணம் இருக்கலாம்; தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அப்படி வாங்கும்போது பணம் போடும் மற்றவர் அதை நேரடியாகத் தன் கணக்கிலிருந்து விற்பவருக்கே அனுப்ப வேண்டும், எத்தனை ரூபாய் யார் கொடுத்தார் என்பதைக் கிரயப் பத்திரத்தின் பணப் பட்டுவாடாப் பகுதியில் காசோலை எண்ணோடு எழுதச் சொல்ல வேண்டும். பத்திர எழுத்தருக்கு அது நான்கு வரி கூடுதல் வேலை. நகையை விற்றால் பெயர் போட்ட ரசீதும், வங்கி வழியான பணமும் கேட்டு வாங்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இல்லாத எவரும், என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், கடன் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது.